நிலுவை வந்தது, வரியும் வந்தது

சம்பள உயர்வின் பாக்கி ஒரே மாதத்தில் கைக்கு வந்தாலும் அது ஒரே ஆண்டின் வருமானம் அல்ல. அதை அந்தந்த ஆண்டுக்குப் பிரித்துக் காட்ட வருமான வரிச் சட்டம் வழி வைத்திருக்கிறது. சிலருக்குப் பிடித்த வரி முழுவதையும் இது மீட்டுத் தருகிறது. சிலருக்கு ஒரு பைசாவும் தருவதில்லை.

நாக்பூரில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளை. 2024 ஆகஸ்ட் மாதச் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் இளம் எழுத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலுவை என்ற தலைப்பில் ரூ. 1,14,000 என்று அச்சாகியிருக்கிறது. வங்கிக் கணக்கில் ஏறியதோ ரூ. 75,752. இடையில் ரூ. 38,248 காணாமல் போயிருக்கிறது. ஸ்கூட்டர் வாங்க நினைத்திருந்தவருக்கு இது பெரிய துண்டு.

பணம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் அதில் எந்தப் பகுதி திரும்பி வரும், எந்தப் பகுதி வேறொரு கணக்கில் அவர் பெயரிலேயே இருக்கிறது, எது போனது போனதுதான் என்பதைச் சம்பளச் சீட்டு சொல்வதில்லை. அதற்கு நிலுவையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்த எழுத்தர் கற்பனையானவர். ஆனால் அவருக்கு நிலுவையைக் கொடுத்த ஒப்பந்தம் உண்மையானது. இந்திய வங்கிகள் சங்கமும் வங்கி ஊழியர் சங்கங்களும் 2024 மார்ச் 8 அன்று 12-வது இருதரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆண்டுச் சம்பளச் செலவு 17 சதவீதம் கூடியது. உயர்வு 2022 நவம்பர் 1 முதல் அமல். அதாவது மை காய்வதற்கு முன்பே 16 மாதப் பாக்கி சேர்ந்துவிட்டிருந்தது. ஊதியத் திருத்தம் எப்போதுமே இப்படித்தான் வருகிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 7-வது ஊதியக் குழுவின் சம்பளம் 2016 ஜனவரி 1 முதல் அமல் என்றாலும் அரசின் அறிவிப்பு வந்தது அந்த ஆண்டு ஜூலையில். அறிக்கை தர 18 மாத அவகாசத்துடன் 8-வது குழு 2025-ல் அமைக்கப்பட்டது. பத்தாண்டு வழக்கம் தொடர்ந்தால் இந்த முறை பாக்கி இன்னும் நீளமாக இருக்கும்.

மூன்று கூறுகள்

நிலுவை வந்ததும் அலுவலகத்தில் முதலில் கேட்டு வாங்க வேண்டிய தாள் ஒன்று உண்டு. கணக்குப் பிரிவில் இதை 'ட்யூ-டிரான் ஸ்டேட்மென்ட்' என்பார்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் புதிய விகிதப்படி வரவேண்டியது எவ்வளவு, பழைய விகிதப்படி ஏற்கனவே கொடுத்தது எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு என்று மூன்று பத்திகளில் இருக்கும். வித்தியாசம் எல்லா மாதமும் ஒன்றாக இராது. புதிய ஒப்பந்தத்தில் பழைய பஞ்சப்படியின் பெரும்பகுதி அடிப்படைச் சம்பளத்தோடு சேர்ந்துவிடுவதால் பஞ்சப்படியைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். வங்கிகளில் அது மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறும். இடையில் ஆண்டு உயர்வு வந்திருக்கும். சம்பளமில்லாத விடுப்பு எடுத்த மாதத்தில் வித்தியாசம் குறையும். தாளில் மாதவாரியாக இவற்றைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நம் எழுத்தரின் கணக்கை எளிதாக்க, மாத வித்தியாசம் சீராக ரூ. 6,000 என்று கொள்வோம். பாக்கி 2022 நவம்பர் முதல் 2024 மே வரை, மொத்தம் 19 மாதங்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் இது மூன்று கூறுகளாக உடைகிறது. 2022-23-ல் விழுவது ஐந்து மாதம், ரூ. 30,000. 2023-24-ல் பன்னிரண்டு மாதம், ரூ. 72,000. மீதி இரண்டு மாதம், அதாவது 2024 ஏப்ரலும் மேயும், ரூ. 12,000.

இந்தக் கடைசி ரூ. 12,000-ல்தான் பலரும் இடறுகிறார்கள். சம்பளச் சீட்டில் அதுவும் 'நிலுவை' என்றே இருக்கும். ஆனால் வரிக் கணக்கில் அது நிலுவை அல்ல. பணம் வந்த 2024-25-க்கே உரிய சம்பளம் அது, தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். முந்தைய ஆண்டுகளுக்குத் தள்ளத் தகுந்தது ரூ. 1,02,000 மட்டும்.

பிடித்தங்கள்

காணாமல் போன ரூ. 38,248-ல் மூன்று இனங்கள் இருக்கின்றன.

முதலாவது, தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கான ரூ. 9,500. 2010 ஏப்ரல் முதல் வங்கியில் சேர்ந்தவர்கள் இந்தத் திட்டத்தில் வருகிறார்கள். அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படியைச் சேர்த்து அதில் 10 சதவீதம் ஊழியரின் பங்கு. மாத வித்தியாசமான ரூ. 6,000-ல் ரூ. 5,000 இந்த இரண்டு இனங்களைச் சேர்ந்தது என்றால், 19 மாதத்துக்கு ரூ. 95,000. அதில் பத்தில் ஒரு பங்கு ரூ. 9,500. வீட்டு வாடகைப்படி போன்றவற்றுக்கு இந்தப் பிடித்தம் கிடையாது. வங்கியும் தன் பங்கைச் செலுத்தியாக வேண்டும். சீட்டில் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தப் பணம் இழப்பு அல்ல, ஓய்வூதியக் கணக்கில் ஏறுகிறது. ஆனால் ஒரு சிறு நஷ்டம் உண்டு. 2022 நவம்பருக்கான பங்கு 2024 ஆகஸ்டில்தான் முதலீடாகிறது. அலகுகள் அன்றைய விலைக்கே கிடைக்கும். இடைப்பட்ட காலத்தின் வளர்ச்சி யாருக்கும் இல்லை.

இரண்டாவது, தொழிற்சங்கம் வசூலித்த ரூ. 1,500. வங்கித் துறையில் ஒப்பந்த நிலுவையிலிருந்து சங்கத்துக்கு ஒரு தொகை பிடிப்பது பழைய வழக்கம். சட்டம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை, ஊழியரின் சம்மதத்தின் பேரில் பிடிப்பது. வரிக் கணக்கில் இதைச் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது.

மூன்றாவதும் பெரியதும் வருமான வரி, ரூ. 27,248. இது எப்படி வந்தது, திரும்புமா என்பதுதான் மிச்சக் கதை.

பட்டியலில் தொழில் வரி இல்லை என்பதையும் கவனிக்கலாம். அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவு இந்த வரிக்கு ஆண்டுக்கு ரூ. 2,500 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் இவர் போன்றவர்கள் மாதம் ரூ. 200, பிப்ரவரியில் ரூ. 300 என்று அந்த வரம்பை ஏற்கனவே தொட்டுவிடுகிறார்கள். நிலுவை வந்ததற்காக மேலும் பிடித்தால் ஏன் என்று கேட்கலாம்.

தாவிய வரம்பு

நிலுவை இல்லாவிட்டால் இவரது 2024-25 வருமானம், நிலைக்கழிவு ரூ. 75,000 போக, ரூ. 6,60,000. அதில் ஏப்ரல், மே மாத ரூ. 12,000-மும் அடக்கம். புதிய வரித் திட்டத்தில் அந்த ஆண்டு ரூ. 7 லட்சம் வரை தள்ளுபடி உண்டு. எனவே வரி பூஜ்யம். நிலுவை ரூ. 1,02,000-ஐச் சேர்த்ததும் வருமானம் ரூ. 7,62,000 ஆகிறது. தள்ளுபடி எல்லையைத் தாண்டியாயிற்று. இப்போது முதல் ரூ. 3 லட்சத்துக்கு மேல் ஒவ்வொரு படியிலும் வரி கட்ட வேண்டும். ரூ. 3 லட்சம் முதல் 7 லட்சம் வரை 5 சதவீதம், ரூ. 20,000. மீதி ரூ. 62,000-க்கு 10 சதவீதம், ரூ. 6,200. அதற்கு மேல் 4 சதவீத செஸ் ரூ. 1,048. மொத்தம் ரூ. 27,248. வங்கியின் கணினி இதைத்தான் பிடித்திருக்கிறது. அது தவறு செய்யவில்லை. நிலுவை எந்த ஆண்டுக்குரியதானாலும் கைக்கு வந்த ஆண்டில் வரி விதிப்பதே விதி.

ஆனால் ஒப்பந்தம் காலத்தோடு கையெழுத்தாகி, பணமும் அந்தந்த மாதம் வந்திருந்தால் இவர் வரியே கட்டியிருக்க மாட்டார். தாமதம் அவர் செய்தது அல்ல. இந்த அநியாயத்தைச் சரிசெய்யத்தான் 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 89-வது பிரிவு இருந்தது. கணக்கிடும் முறையை விதி 21ஏ சொன்னது.

முறை கடினமானதல்ல. பணம் வந்த ஆண்டின் வரியை நிலுவையோடு ஒரு முறையும், நிலுவை இல்லாமல் ஒரு முறையும் போட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நிலுவையால் இப்போது கூடிய வரி. பிறகு ஒவ்வொரு முந்தைய ஆண்டுக்கும், அந்த ஆண்டுக்குரிய நிலுவையை அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்த்தும் சேர்க்காமலும், அந்த ஆண்டின் விகிதப்படி வரி போட வேண்டும். இந்த வித்தியாசங்களின் கூட்டுத்தொகை, பணம் நேரத்துக்கு வந்திருந்தால் அப்போது கூடியிருக்கும் வரி. முதல் தொகை பெரியதானால் அந்த மிகுதியே நிவாரணம்.

இந்த எழுத்தர் 2022-23-ல் பழைய வரித் திட்டத்தில் இருந்தார். கழிவுகள் போக வருமானம் ரூ. 3,90,000. நிலுவை ரூ. 30,000 சேர்த்தால் ரூ. 4,20,000. பழைய திட்டத்தில் ரூ. 5 லட்சம் வரை தள்ளுபடி. வரி இரண்டு கணக்கிலும் பூஜ்யம். 2023-24-ல் புதிய திட்டத்துக்கு மாறினார். வருமானம் ரூ. 5,60,000. அத்துடன் ரூ. 72,000 சேர ரூ. 6,32,000. அந்த ஆண்டும் ரூ. 7 லட்சம் வரை தள்ளுபடி, இங்கும் பூஜ்யம். முந்தைய ஆண்டுகளில் கூடும் வரி ஏதுமில்லை. இப்போது கூடியது ரூ. 27,248. அது முழுவதுமே நிவாரணம்.

அடுத்த மேஜையில்

அதே கிளையில் அவரைவிடப் பத்தாண்டு மூத்த எழுத்தர் ஒருவர் இருக்கிறார். ஒப்பிட வசதியாக அவருக்கும் நிலுவை அதே ரூ. 1,14,000, அதே பிரிவினை என்று கொள்வோம். தம்பிக்கு முழுவதும் திரும்பியது என்று கேள்விப்பட்டு அவரும் கணக்குப் போடுகிறார்.

நிலுவை இல்லாமல் அவரது 2024-25 வருமானம் ரூ. 7,85,000. தள்ளுபடி எல்லையை அவர் ஏற்கனவே தாண்டியவர். நிலுவை ரூ. 1,02,000 சேர்ந்து ரூ. 8,87,000 ஆகும்போது, கூடும் தொகை முழுவதும் 10 சதவீதப் படியிலேயே விழுகிறது. செஸ்ஸோடு ரூ. 10,608 கூடுகிறது.

இனி முந்தைய ஆண்டுகள். 2022-23-ல் பழைய திட்டம், வருமானம் ரூ. 4,80,000, தள்ளுபடியால் வரி இல்லை. நிலுவை ரூ. 30,000 சேர்த்ததும் ரூ. 5,10,000. எல்லையை ரூ. 10,000 தாண்டியதற்குத் தள்ளுபடி முழுவதும் போகிறது. முதல் ரூ. 5 லட்சத்துக்கு ரூ. 12,500, மேலே உள்ள பத்தாயிரத்துக்கு ரூ. 2,000, செஸ்ஸோடு ரூ. 15,080. 2023-24-ல் புதிய திட்டம், வருமானம் ரூ. 6,90,000, வரி பூஜ்யம். ரூ. 72,000 சேர்த்ததும் ரூ. 7,62,000, வரி செஸ்ஸோடு ரூ. 32,448. இரண்டையும் கூட்டினால் ரூ. 47,528.

இப்போது கூடிய வரி ரூ. 10,608, அப்போது கூடியிருக்கக்கூடியது ரூ. 47,528. இவருக்கு நிவாரணம் எதுவும் இல்லை.

இதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு பயம் வரலாம். பழைய ஆண்டுகளின் வரி என்று ரூ. 47,528-ஐக் கேட்பார்களோ? கேட்க மாட்டார்கள். பழைய ஆண்டுகளுக்கான கணக்கு நிவாரணத்தை அளக்க மட்டுமே. அந்த ஆண்டுகளின் வரிக் கணக்கை யாரும் திறப்பதில்லை, திருத்திய கணக்கு தாக்கல் செய்ய வேண்டியதும் இல்லை. வித்தியாசம் எதிர்மறையாக வந்தால் அவர் ரூ. 10,608-ஐக் கட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். உண்மையில் தாமதத்தால் அவர் வரியில் லாபம் அடைந்திருக்கிறார்.

ஒரே தொகை, ஒரே கிளை, ஒரே பிரிவினை. ஒருவருக்கு முழு வரியும் திரும்புகிறது, மற்றவருக்கு எதுவும் இல்லை. முடிவைத் தீர்மானிப்பது நிலுவையின் அளவு அல்ல. தள்ளுபடி எல்லையோ வரிப் படியோ எந்த ஆண்டில் தாண்டப்படுகிறது என்பதுதான். பணம் வந்த ஆண்டில் தாண்டினால் நிவாரணம் உண்டு. பழைய ஆண்டில் தாண்டினால் இல்லை. எல்லா ஆண்டிலும் ஒரே படியில் இருப்பவருக்குப் பிரித்தும் பிரிக்காமலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

2025-26 முதல் புதிய திட்டத்தில் தள்ளுபடி எல்லை ரூ. 12 லட்சமாக உயர்ந்தது. நம் இளம் எழுத்தருக்கு அதே நிலுவை அந்த ஆண்டில் வந்திருந்தால் வரியே பிடித்திருக்காது. இனி கூர்ந்து கணக்குப் போட வேண்டியவர்கள் ரூ. 12 லட்சத்துக்குச் சற்றுக் கீழே இருப்பவர்கள்.

படிவம் முக்கியம்

நிவாரணம் தானாக வராது. அதற்கென்று படிவம் 10ஈ இருக்கிறது. வருமான வரித் துறையின் இணையதளத்தில் Form 10E என்று காணப்படும். 2015-16 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இதை இணையத்தில் தாக்கல் செய்தாக வேண்டும் என்று துறை வலியுறுத்துகிறது. வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கு முன்பே இதைத் தாக்கல் செய்துவிட வேண்டும். கணக்கில் 89-வது பிரிவு நிவாரணத்தைக் கேட்டுவிட்டுப் படிவத்தை விட்டுவிட்டால், சில மாதம் கழித்து வரும் அறிவிக்கையில் நிவாரணம் வெட்டப்பட்டு, வட்டியோடு வரி கேட்கப்பட்டிருக்கும். பலர் படிவத்தின் பெயரையே அப்போதுதான் முதலில் கேள்விப்படுகிறார்கள்.

படிவத்தில் மதிப்பீட்டு ஆண்டைத் தேர்ந்தெடுக்கும்போதும் தவறு நேர்கிறது. தேர்ந்தெடுக்க வேண்டியது பணம் வந்த ஆண்டுக்குரியது. 2024 ஆகஸ்டில் வந்த பணத்துக்கு 2025-26. நிலுவை 2022-23-க்குரியது என்பதற்காக அந்த ஆண்டைப் போட்டால் படிவம் எந்தக் கணக்கோடும் பொருந்தாது. பழைய ஆண்டுகள் படிவத்தின் உள்ளே உள்ள அட்டவணையில்தான் வரும்.

அந்த அட்டவணையில் எழுத வேண்டியது மொத்த நிலுவை. ஓய்வூதியப் பங்கும் வரியும் போகக் கைக்கு வந்த தொகை அல்ல. வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எழுதுபவர்களுக்கு இங்கே கணக்கு உதைக்கும். படிவம் 16-ல் உள்ள சம்பளத்தோடு அது பொருந்தாது. ஓய்வூதியப் பங்கையும் பழைய ஆண்டுகளுக்குப் பிரித்துக் கழிக்கக் கூடாது. அது செலுத்தப்பட்டது 2024 ஆகஸ்டில். பழைய திட்டத்தில் இருப்பவர்களுக்குச் சலுகை உண்டென்றால் அது 2024-25-ல், அந்த ஆண்டின் வரம்புக்குள். ரூ. 1,50,000 வரம்பு ஏற்கனவே நிரம்பியிருந்தால் பலன் குறையும். புதிய திட்டத்தில் ஊழியரின் பங்குக்குக் கழிவே இல்லை.

பழைய ஆண்டுகளின் வருமானத்தை நினைவிலிருந்து எழுதக் கூடாது. அந்த ஆண்டுகளில் தாக்கல் செய்த கணக்கின் நகலில் உள்ள மொத்த வருமானத்தையே எழுத வேண்டும். அந்த ஆண்டு எந்தத் திட்டத்தில் கணக்குத் தாக்கல் செய்தோமோ அந்தத் திட்டத்தின் விகிதமே அங்கு பொருந்தும். இன்று புதிய திட்டத்தில் இருப்பதால் 2022-23-க்கும் புதிய விகிதத்தைப் போடலாகாது.

இவ்வளவையும் ஆண்டு இறுதிவரை தள்ளிப்போட வேண்டியதில்லை. நிலுவை வரும் மாதத்திலேயே கணக்கைப் போட்டு, 10ஈ விவரங்களை அலுவலகத்திடம் கொடுத்தால், சம்பளத்தில் வரி பிடிக்கும்போதே அவர்கள் நிவாரணத்தைக் கழிக்கலாம் என்று 192-வது பிரிவு அனுமதித்தது. அரசு, பொதுத்துறை, நிறுவனம், கூட்டுறவுச் சங்கம், பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஊழியர்களுக்கு இது பொருந்தும். நம் இளம் எழுத்தர் அப்படிச் செய்திருந்தால் ஆகஸ்டில் கைக்கு ரூ. 1,03,000 வந்திருக்கும். செய்யாததால், அடுத்த ஆண்டு கணக்குத் தாக்கல் செய்து பணம் திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

2026 ஏப்ரல் 1 முதல் 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2025-ம் ஆண்டு வருமான வரிச் சட்டம் பிடித்துவிட்டது. நிலுவைக்கான நிவாரணம் புதிய சட்டத்திலும் தொடர்கிறது, பிரிவு எண்தான் வேறு. 2026 மார்ச் வரை கைக்கு வந்த நிலுவைக்கு 89-வது பிரிவும் 10ஈ-யும் பொருந்தும். அதற்குப் பின் வந்த பணத்துக்குப் புதிய விதிகளின் படிவத்தைப் பார்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். எந்த எண்ணானாலும் கையில் வேண்டியவை இரண்டு: மாதவாரியான ட்யூ-டிரான் தாள், பழைய ஆண்டுகளின் வரிக் கணக்கு நகல்கள். எட்டாவது ஊதியக் குழுவின் பாக்கிக்காகக் காத்திருப்பவர்கள் இரண்டாவதை இப்போதே எடுத்து ஒரு கோப்பில் போட்டு வைக்கலாம்.